டிரம்மைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும்

டெங்கு வராமல் இருக்கத் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டவும் செய்கிறோம். ஆனாலும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே டிரம்மில் புழு நெளிகிறது. எங்கே தவறுகிறோம்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. கரித்தூளைத் தூவியது போல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புப் புள்ளிகள் அவை. தண்ணீரைக் கொட்டினாலும் அவை சுவரை விட்டுப் போவதில்லை. காய்ந்தாலும் சாவதில்லை, மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

பாதி நிறைந்த ஒரு டிரம்மை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்துவிட்டு, தேய்க்காமல், புதுத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்புகிறோம். பாதி உயரத்தில் ஒட்டியிருந்த முட்டைகள் இப்போது தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. பொரிப்பதற்கு அவற்றுக்கு வேண்டியதே அதுதான். சில முட்டைகள் அன்றைக்கே பொரிந்துவிடும். புதன், வியாழனில் புழு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளி, சனியில் கமா போல வளைந்த கூட்டுப்புழுவாகும். வெப்பமான நாட்களில் அடுத்த ஞாயிறு, திங்களிலேயே கொசு பறந்துவிடும். சுத்தம் செய்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருந்த வாரம் அது.

அதனால் தண்ணீரைக் கொட்டியதும் சொரசொரப்பான பிரஷ்ஷால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். நீர்மட்டக் கறை தெரியும் வளையத்தை அழுத்தித் தேயுங்கள், விளிம்பின் உள்மடிப்பையும் விடாதீர்கள். தேய்த்த தண்ணீரை வேறு பாத்திரத்துக்கோ சாக்கடைக்கோ விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், புழு அங்கேயே செத்துவிடும். இந்த வாரம் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு வாராவாரம் அதே நாளில் செய்யுங்கள். சனிக்கிழமை வேலையைச் செவ்வாய்க்குத் தள்ளினால் பத்து நாளாகிவிடும், கொசுவுக்கு அது போதும்.

அடுத்த தவறு மூடி. மூடி வைத்திருக்கிறோம் என்பார்கள், போய்ப் பார்த்தால் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கொசுவுக்கு அது வாசல். துணி கட்டியிருந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் மூடியின் பள்ளத்தில் மழைநீர் நின்றால் மூடியே முட்டையிடும் இடமாகிவிடும். கண்ணி நெருக்கமான கொசுவலைத் துணியை விளிம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தொய்வில்லாமல் இழுத்துவிடுவது நல்லது.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் மருந்து போடுவார்கள். அந்தத் தண்ணீரை வீணாகிவிட்டதென்று உடனே மாற்றினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று: பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து போன்றவற்றைப் புழு தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. மருந்து போட்ட மறுநாள் கொசு வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பார்க்கும் விதத்திலும் ஒரு தவறு உண்டு. டார்ச்சை அடித்துவிட்டு, புழு இல்லை என்று உடனே திரும்பிவிடுகிறோம். வெளிச்சமோ நிழலோ பட்டால் புழு சட்டென்று அடிக்குப் போய்விடும். தொட்டியை அசைக்காமல் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும், தலைகீழாகத் தொங்கும்.

சாக்கடையை மட்டும் குற்றம் சொல்வதை விட்டுவிடலாம். ஏடிஸ் பெரும்பாலும் தெளிந்த நீரைத்தான் தேடுகிறது, அதுவும் வீட்டுக்குள்ளும் வாசலிலும். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, புழங்காத கழிப்பறையின் பிளஷ் தொட்டி, மூலையில் கிடக்கும் டயர் எல்லாமே அதற்குப் போதும். ஒரே கொசு தன் முட்டைகளை இப்படி நாலைந்து இடங்களில் பிரித்து வைக்கும், ஒன்றை விட்டாலும் பலன் குறைந்துவிடும். டயரை உள்ளே துடைத்துக் கூரைக்கடியில் வைத்துவிடுங்கள், வெளியே கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் நிறையும்.

புகை அடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவையும் சுவரில் இருக்கும் முட்டையையும் தொடாது.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீடு. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. உங்களைக் கடிப்பது அந்த வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் பிறந்ததாகவே இருக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து, நாலு பேராகப் போய், பிரஷ்ஷையும் கையோடு கொண்டு போங்கள்.