போட்டியாளர் பேரைச் சொல்லாமலே ஒப்பிடலாம்

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக் கூழ் டப்பா போடும் தம்பி ஒருவர் நோட்டீஸ் எழுதிக் கொண்டு வந்தார். முதல் வரியே, “மற்ற கூழ் எல்லாம் சர்க்கரையும் கெமிக்கலும்தான்!” யார் பேரும் இல்லைதான். ஆனாலும் இது கூழ் போடும் எல்லோர் மேலும் விழும் பழி, நிரூபிக்கவும் முடியாது. பேர் சொல்லாமல் மொத்தமாகத் தாழ்த்தினாலும் வழக்குக்கு இடம் உண்டு.

நான் மாற்றித் தந்தது இது: “எந்தக் கூழ் வாங்கினாலும் டப்பாவைத் திருப்பி, உட்பொருள் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையதில் ஒன்றே ஒன்றுதான்: பெங்களூரா மாம்பழக் கூழ்.”

உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. அதனால் சர்க்கரை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வாங்குபவரே கடையில் பார்த்துக்கொள்வார். ஒப்பிடும் வேலை அவருடையது, நம் வரி நம் சரக்கைப் பற்றி மட்டும்.

அச்சுக்குப் போகும் முன் ஒன்று கேட்டேன்: “புளிப்புக்கு சிட்ரிக் அமிலம் போடுகிறாயா?” கொஞ்சம் போடுவாராம். அப்போது “ஒன்றே ஒன்று” பொய்யாகிவிடும். “சர்க்கரை சேர்க்கவில்லை” என்று திருத்தினோம். அப்படிப் போட்டால், பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை இருக்கிறது என்பதையும் லேபிளில் சொல்லியாக வேண்டும்.