ஒரு குடும்பம் கிளம்பி அடுத்தது வருவதற்குள்: ஹோம்ஸ்டேயில் எதை முதலில் பார்ப்பது?

கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்புகிறது, மதியம் 2 மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் உடனே துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். அது கடைசி வேலை.

1. உடைசல்

கிளம்பும் குடும்பத்தினர் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போதே ஒரு சுற்று வந்துவிடுங்கள். எதையும் நகர்த்துவதற்கு முன் அறைக்கு இரண்டு போட்டோ எடுங்கள். கூட்டிப் பெருக்கிய பிறகு "இது முன்பே உடைந்திருந்தது" என்று யாராவது சொன்னால், காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கண்ணாடி டம்ளர்களை எண்ணுங்கள். ஆறில் ஒன்று குறைந்தால் குப்பைக்கூடையைப் பாருங்கள். அங்கே உடைந்த துண்டுகள் கிடந்தால், மிச்சம் தரையில் இருக்கக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சின்னச் சில்லுகூட மின்னும். அடுத்து வரும் குழந்தை வெறுங்காலோடு ஓடுமே! அப்புறம் கெட்டிலைத் திறந்து பாருங்கள். அதில் நூடுல்ஸ் வேகவைப்பவர்கள் உண்டு. ரிமோட், கீசர், ஃப்ளஷ் மூன்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்தால் போதும்.

2. துணிகள்

நான்கு பேருக்கு இரண்டு டபுள் பெட்ஷீட், நான்கு தலையணை உறை, நான்கு துண்டு. இது ஒரு செட். இதுபோல் மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மலையில் மழைக்காலத்தில் துணி ஒரே நாளில் காயாது, அதனால் நான்காவது செட்டும் வாங்கிவிடுவது நல்லது. அரைகுறையாகக் காய்ந்த ஷீட்டை மடித்து வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். மடிப்பின் உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும்.

ஷீட்டை உருவும்போதே கறையைத் தேடுங்கள். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் நூலோடு பிடித்துக்கொள்ளும். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும்; அலசி வெயிலில் போட்டால் மெல்ல மங்கும். மெத்தை உறையையும் தூக்கிப் பாருங்கள், ஈரம் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். துண்டுகளுக்கு கம்ஃபர்ட் போன்ற திரவம் வேண்டாம். தண்ணீர் உறிஞ்சாமல் போய்விடும்.

3. குளியலறைப் பொருள்கள்

பயன்படுத்திய சோப்பை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஷாம்பூவுக்குச் சுவரில் மாட்டும் டிஸ்பென்சர் போதும், பாதிக்குக் கீழே இறங்கினால் நிரப்புங்கள். டிஸ்பென்சரின் வாயில் முடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், அறைக்கு ஒரு ஸ்டீல் ஜாடியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கூட்டித் துடைக்கலாம். எது குறைந்தது, எதை மாற்ற வேண்டும் என்பதை அலமாரிக் கதவில் ஒட்டிய தாளில் அப்போதே எழுதிவிடுங்கள்.