திருபுவனத்துப் பட்டும் 'குளிர்கால' முகமும்

கல்யாணப் பட்டு எடுக்கத் திருபுவனம் போயிருந்தோம். அக்கா மகள் கடுகு மஞ்சளைத் தொடவே இல்லை. போனில் செய்த வண்ணச் சோதனை அவளைக் 'குளிர்காலம்' என்று சொல்லிவிட்டதாம், அதற்குக் கடுகு ஆகாதாம்.

தோல், முடி, கண் நிறத்தை வைத்து ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் முறை அது. பொன்முடியும் செம்முடியும் நீலக்கண்ணும் கலந்த ஊரில் நான்கு பெட்டியும் நிரம்பும். கறுப்பு முடி, கருவிழி என்றால் பெரும்பாலும் குளிர்காலம்தான். அப்படியானால் தஞ்சாவூர்ப் பக்கம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பெட்டி! பருவத்தைக் கணிக்க மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்ப்பதும் கருத்த தோலில் பிடிபடாது.

ஆனால் முகத்தருகே இருக்கும் நிறம் முகத்தின் தோற்றத்தை மாற்றும் என்பது உண்மை. அதை மட்டும் சோதியுங்கள். மேக்கப் இல்லாமல், கடை விளக்கை விட்டு வாசல் நிழலுக்கு வந்து, ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களைத் தாடைக்குக் கீழே மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கண்ணடிக் கருமை எதில் தூக்கலாகத் தெரிகிறதோ அது வேண்டாம்.

'குளிர்காலத்துக்கு' உகந்ததாகச் சொல்லும் எலுமிச்சை மஞ்சளில் இவள் முகம் சோர்ந்து தெரிந்தது, கடுகில் தெளிந்தது. அப்புறம் என்ன, அரக்கு பார்டரோடு கடுகையே எடுத்தோம்.