ஆதார், பான் நகல் போலி ஏஜென்ட் கையில் போய்விட்டதா?

ஆன்லைனில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒருவருக்கு, வேளச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆதார், பான் இரண்டையும் படமெடுத்து அனுப்பிவிட்டார். ‘அழித்துவிடுங்கள்’ என்று அந்த ஆளிடம் கெஞ்சுவது வீண். பேச்சை வளர்த்தால் ஓடிபி கேட்பார், அவ்வளவுதான்.

முதலில் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். பிறகு sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் தெரியாத சிம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்வார்கள். பூட்டுங்கள், நல்லதுதான். ஆனால் அது கைரேகை வைத்துப் பணம் எடுப்பதைத்தான் தடுக்கும்; பான் நகலை வைத்துக் கடன் கேட்பதைத் தடுக்காது.

அதைக் காட்டிக்கொடுப்பது, உங்கள் பெயரிலுள்ள கடன்களின் பதிவான கிரெடிட் ரிப்போர்ட். இதைத் தயாரிக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம். கடன் கணக்குகளோடு, உங்கள் ரிப்போர்ட்டை யார் கேட்டார்கள் என்று காட்டும் ‘என்கொயரி’ பகுதியையும் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத கடன் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், உங்கள் பான் எண்ணில் யாரோ கடன் கேட்டிருக்கலாம். சரி, அப்போது புகார் ஒப்புகையை இணைத்து அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்; ரிப்போர்ட் தந்த நிறுவனத்திலும் அந்தப் பதிவு தவறு என்று ‘டிஸ்ப்யூட்’ பதியுங்கள்.