பாட்டில் தண்ணீர் லேபிள்: எண்களைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கடையில் “ஒரு மினரல் வாட்டர் குடுங்க” என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் மினரல் வாட்டர் இல்லை. பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் பாருங்கள். ‘பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்’ என்றும் ஐஎஸ் 14543 என்ற இந்தியத் தர எண்ணும் இருந்தால், அது போர்வெல் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஆர்ஓ போன்ற முறைகளில் சுத்திகரித்து அடைத்தது. ‘நேச்சுரல் மினரல் வாட்டர்’, ஐஎஸ் 13428 என்று இருந்தால், இயற்கை ஊற்றிலோ நிலத்தடியிலோ எடுத்து, அதிலுள்ள தாதுக்களின் அளவை மாற்றாமல் அடைத்தது. எந்த ஊற்று, எந்த இடம் என்பதும் அதில் இருக்கும்.

குழப்பம் வருவது ‘வித் ஆடட் மினரல்ஸ்’ என்ற வரியால்தான். ஆர்ஓவில் உப்புகள் பெரும்பாலும் போய்விடுவதால், ருசிக்காக மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் பைகார்பனேட் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அது மினரல் வாட்டர் ஆகிவிடாது, அந்த விலை கொடுக்கவும் வேண்டாம். 2024 அக்டோபரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி நீக்கப்பட்டதால், முத்திரையைவிடப் பொருளின் பெயரையும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் பார்ப்பது நல்லது.

அடுத்தது டிடிஎஸ். இது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த எடை, அவ்வளவுதான். குறைந்தால் சுத்தம், கூடினால் கெடுதல் என்று நினைப்பதுதான் பரவலான தவறு. ஐஎஸ் 14543 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மினரல் வாட்டருக்கோ 150 முதல் 700 வரை. கரைந்திருப்பது கால்சியமா சோடியமா என்பதைப் பொறுத்துத்தான் நல்லதும் கெட்டதும்.

கேன் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டு “30 காட்டுது, நல்ல தண்ணி” என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை. அதை ஒரு காரணியால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஒன்று ஒன்றாக எண்ணும் மீட்டரில் அது அசைவே காட்டாது. ஆர்ஓ சவ்வு பழுதாகி உப்பு ஏறுகிறதா என்று பார்க்க மீட்டர் உதவும். பாதுகாப்பை அது சொல்லாது.

லேபிளைப் படிக்கப் பழக, எவியான் என்ற பிரெஞ்சு மினரல் வாட்டர் பாட்டில் நல்ல உதாரணம். லிட்டருக்கு கால்சியம் 80, மெக்னீசியம் 26, பைகார்பனேட் 360 மில்லிகிராம். மற்றவற்றையும் கூட்டினால் 500ஐத் தாண்டும். ஆனால் 180 டிகிரியில் உலர்த்திய மிச்சம் 345 என்றுதான் இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, சூடாக்கும்போது பைகார்பனேட்டில் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடுகிறது. அதனால் ஒரு பாட்டிலின் உலர் மிச்சத்தையும் இன்னொன்றின் கூட்டுத்தொகையையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது.

அதிகம் பணம் போவது ஆல்கலைன், அதாவது காரத் தண்ணீரில். ‘பிஎச் 9’ என்ற எண்ணைப் பார்த்து, வயிற்று அமிலத்தை அது அடக்கும் என்று வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎச் 9 என்றால் லிட்டரில் காரமான ஹைட்ராக்சைடு 0.00001 மோல். வயிற்று அமிலத்தை பிஎச் 2 என்று வைத்தால், அதில் லிட்டருக்கு 0.01 மோல் அமிலம். அப்படியானால் அந்த எண் குறிக்கும் காரம் மட்டும், ஒரு முழு லிட்டர் குடித்தாலும், 1 மில்லி வயிற்று அமிலத்தைத்தான் சமன் செய்யும்.

உண்மையில் அமிலத்தைத் தாங்குவது பைகார்பனேட். எவியானின் பிஎச் வெறும் 7.2. ஆனாலும் அதிலுள்ள 360 மில்லிகிராம் பைகார்பனேட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் அதே அமிலத்தில் 590 மில்லி அளவைச் சமன் செய்ய முடியும். ஆகவே காரத்தன்மை வேண்டுமென்றால் முன்பக்கத்துப் பெரிய பிஎச்சை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பைகார்பனேட் எவ்வளவு என்று பாருங்கள். அதுவும் வயிற்றோடு சரி, அங்கே அமிலம் மறுபடி சுரந்துவிடும். ரத்தத்தின் பிஎச்சை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும். ‘உடலைக் காரமாக்கும்’ என்ற விளம்பரத்துக்கு அங்கே இடமில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில ஆல்கலைன் பாட்டில்களில் காரத்துக்காகச் சேர்ப்பது பொட்டாசியம் உப்பு. அதன் அளவை மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் தினமும் குடிக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.