மனைவி பெயரில் எஃப்டி: கணவர் கொடுத்த பணத்தின் வட்டியில் நடக்கும் தவறுகள்

ஈரோட்டில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பெருந்துறையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிறவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்பார்: "ஏனுங்க, வீட்டுக்காரி பேர்ல எஃப்டி போட்டா வட்டிக்கு வரி இல்லதானுங்களே?" அவர் கையில் ஏற்கெனவே ரசீது இருக்கும். கேட்டுவிட்டுப் போடுகிறவர்கள் குறைவு.

2025 ஜூலையில் வந்த ஒருவரின் கணக்கையே சொல்கிறேன், அதில் எல்லாத் தவறும் வரிசையாக இருக்கிறது. அவர் பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளர், சம்பளம் 30 சதவீத வரி அடுக்கில் வருகிறது. காங்கேயம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்று, அதற்கான வரியையும் கட்டிவிட்டு, 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் 10 லட்சத்தை மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றினார். அந்த அம்மா வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர், ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே. பணம் அப்படியே அவர் பெயரில் எஃப்டி ஆனது. கணக்கு எளிதாக இருக்க, வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"புருஷன் பொண்டாட்டிக்குக் குடுக்கற பணத்துக்கு வரி இல்லைன்னு நீங்களே சொன்னீங்களே" என்றார். சொன்னது உண்மை. கணவர் தரும் பரிசு எத்தனை லட்சமானாலும் வாங்குகிற மனைவிக்கு அது வருமானம் ஆகாது. ஆனால் வரியில்லாதது அந்தப் பத்து லட்சத்துக்குத்தான். அந்தப் பத்து லட்சம் ஈட்டும் வட்டி வேறு விஷயம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, போதுமான பிரதிபலன் வாங்காமல் மனைவிக்கோ கணவருக்கோ மாற்றிக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தை, கொடுத்தவரின் வருமானத்தோடு கூட்டச் சொல்கிறது. இதைத்தான் கிளப்பிங் என்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது, பிரிவு எண்தான் மாறுகிறது.

ஆக 2023-24இல் வந்த 70,000 ரூபாய் வட்டி, ரசீதில் மனைவி பெயர் இருந்தாலும், கணவரின் வருமானம். 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து அவர் கட்ட வேண்டியது 21,840 ரூபாய். அவர் கட்டவில்லை. கணக்கிலும் காட்டவில்லை.

அதைவிட மோசமான தவறு எஃப்டி போட்ட அன்றே வங்கியில் நடந்திருந்தது. விண்ணப்பத்தோடு 15ஜி படிவத்தையும் நீட்டியிருக்கிறார்கள், அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். "டிடிஎஸ் புடிக்கக் கூடாதுன்னா இதுல போடுங்கன்னாங்க, போட்டேன்" என்றார். யார்தான் படிக்கிறார்கள்? அந்தப் படிவத்தின் உறுதிமொழியில், இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேர்க்கத்தக்கது அல்ல என்று ஒரு வாசகம் இருக்கிறது. கணவர் பரிசாகக் கொடுத்த பணத்துக்கு அந்த வாசகம் பொய்யாகிவிடுகிறது. மனைவியின் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் சரி, இந்த எஃப்டிக்கு அவர் 15ஜி கொடுக்கக் கூடாது. பொய் உறுதிமொழிக்குச் சட்டத்தில் தனியாகவே தண்டனைப் பிரிவு உண்டு, அது கையெழுத்துப் போட்டவர் மேல்தான் பாயும். வரி மிச்சம் பிடிக்க நினைத்தவர் கணவர், மாட்டுவது மனைவி.

இரண்டாம் ஆண்டுக்கு வருவோம். இங்கேதான் ரெண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். கிளப்பிங் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. கல்யாண பந்தம் இருக்கும்வரை, அந்தப் பத்து லட்சம் எந்த உருவத்தில் இருந்தாலும், அதன் வருமானம் ஆண்டுதோறும் கணவர் கணக்குக்குத்தான் போகும். எஃப்டியை உடைத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டாலும், தங்கமாக வாங்கி விற்றாலும் அப்படியே. நட்டம் வந்தால் அதுவும் கணவர் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

வேறு சிலரோ பயந்துபோய் மொத்த வட்டியையும் கணவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதுவும் தேவையில்லை. கணவர் கொடுத்தது பத்து லட்சம் மட்டும். முதல் ஆண்டு வட்டி 70,000க்கு வரியைக் கணவர் கட்டினாலும், அந்த 70,000 ரூபாய் மனைவியின் சொந்தப் பணம். அதன்மேல் வரும் வட்டி கணவர் கொடுத்த சொத்தின் வருமானம் ஆகாது, அது மனைவியின் வருமானம்.

இவர்கள் கணக்கில் 2024-25இல் எஃப்டி ஈட்டியது 74,900. இதில் 70,000 கணவருடையது, 4,900 மனைவியுடையது. 2025-26இல் 80,143 ரூபாய் வரும், 70,000 போக 10,143 மனைவிக்கு. இப்படியே எடுக்காமல் விட்டால் பத்தாம் ஆண்டில் வட்டி 1,28,692 ஆக இருக்கும். அப்போதும் கணவர் பங்கு அதே 70,000தான், மனைவி பங்கு 58,692 ஆகிவிடும். சட்டத்துக்கு உட்பட்டு இதில் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். மெதுவாக வரும், ஆனால் வரும்.

வட்டியை எடுத்துப் பலசரக்குக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவழித்துவிட்டால் இந்த இரண்டாம் கட்ட வட்டி பிறக்கவே பிறக்காது. இன்னொன்று, குட்டி வட்டி எவ்வளவு என்று காட்டவும் தெரிய வேண்டுமல்லவா? இந்த அம்மா செய்தது இதுதான்: தையலில் வந்த பணம், பொங்கல் சீராகத் தாய்வீட்டார் போட்ட பணம், மாதச் செலவுக்குக் கணவர் போடுவது, எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில். நல்ல வேளையாக எஃப்டி மட்டும் தனியாக நின்றது, அதனால் பிரிக்க முடிந்தது. அதை முடித்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு, மற்ற பணத்தோடு கலந்து மறுபடி எஃப்டி போட்டிருந்தால், எது கணவர் பணம், எது சீர்ப் பணம் என்று அதிகாரி கேட்கும்போது பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான். தாய்வீட்டார் கொடுத்த பணத்துக்கும் நகைக்கும் கணவரோடு கிளப்பிங் கிடையாது. அந்த நல்ல பணத்தைக் கலந்து கெடுத்துக்கொள்வானேன்? பரிசுப் பணத்துக்கு ஒரு கணக்கு, அதன் வட்டிக்கு ஒரு கணக்கு, சொந்தப் பணத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம், சுற்றிக் கொடுக்கும் யோசனை. "நான் தம்பி சம்சாரத்துக்குக் குடுக்கறேன், தம்பி என் சம்சாரத்துக்குக் குடுக்கட்டும்" என்று அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்தே ஒருமுறை வந்திருந்தார்கள். கூட்டாகத் தொழில் செய்கிற குடும்பங்களில் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் சட்டம் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்றே எழுதியிருக்கிறது. கோத்தாரி வழக்கில் 1963இலேயே உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிக் குறுக்குப் பரிசுகளை மறைமுக மாற்றமாகவே பார்த்துவிட்டது. மாமனார் மருமகளுக்குக் கொடுத்தாலும் தப்ப முடியாது, அந்த வட்டி மாமனாரின் வருமானத்தில் சேரும்.

சரி, மேலாளர் கணக்கை எப்படிச் சரி செய்தோம்? 2024-25க்குத் தாக்கல் இன்னும் ஆகவில்லை, அதனால் வம்பில்லை. ஐடிஆர்-2 படிவத்தில் எஸ்பிஐ என்று ஓர் அட்டவணை இருக்கிறது (வங்கியின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதில் மனைவியின் பெயர், பான் எண், உறவு, தொகை 70,000 என்று காட்டினோம். 4,900 மனைவியின் வருமானமாக நின்றது. 2023-24க்குக் கெடு முடிந்துவிட்டது, கூடுதல் வரியோடு தாமதமாகத் தாக்கல் செய்யும் புதுப்பித்த கணக்குதான் வழி. வரி 21,840, அதன்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி 5,460, தாமதத்துக்கான வட்டி இருந்தால் அதற்கும் சேர்த்து. 2026 மார்ச்சைத் தாண்டியிருந்தால் அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும்.

வங்கிக்குப் போய் 15ஜி இனி கிடையாது என்று சொல்லச் சொன்னேன். 2025-26இல் வட்டி 50,000 வரம்பைத் தாண்டுவதால் வங்கி 10 சதவீதம், அதாவது 8,014 ரூபாய் டிடிஎஸ் பிடிக்கும். அது மனைவியின் பான் எண்ணில் போய் உட்காரும். கணவரின் பங்குக்கான டிடிஎஸ்ஸை அவர் எடுத்துக்கொள்ள விதி 37பிஏ இடம் கொடுக்கிறது. முறைப்படி, கணவரின் பெயர், முகவரி, பான் எண், காரணம் ஆகியவற்றை எழுதி மனைவி வங்கிக்கு உறுதிமொழி தர வேண்டும், வங்கி கணவரின் பான் எண்ணில் காட்ட வேண்டும். இதைக் கேட்டால் கிளையில் பலர் முழிப்பார்கள். இருந்தாலும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைப்பது நல்லது. ஐடிஆர்-2இன் டிடிஎஸ் அட்டவணையிலும் இன்னொருவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டுவதற்கு இடம் இருக்கிறது. எளிதாக இருக்கிறதே என்று ஐடிஆர்-1ஐ எடுத்தால் இது முடியாது.

எழுந்து போகும்போது அந்த அம்மாதான் கேட்டார், "அப்ப என் பேர்ல போடவே கூடாதுங்களா?" போடலாம். பிபிஎஃப் கணக்கில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போட்டால் அந்த வட்டிக்கு வரியே இல்லை, கணவர் வருமானத்தோடு கூட்டினாலும் வரியில்லாத வருமானமாகவே சேரும். 15 ஆண்டு முதிர்ந்த பிறகு அந்த அசலை எடுத்து எஃப்டி போட்டால் மட்டும் கிளப்பிங் மறுபடி தலைகாட்டும். பரிசாகக் கொடுக்காமல் நியாயமான வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, அந்த வட்டியை உண்மையிலேயே வங்கி வழியாக வாங்கிக்கொள்வது இன்னொரு வழி. அப்போது எஃப்டி வட்டி மனைவியுடையது, ஆனால் அவர் தரும் கடன் வட்டிக்குக் கணவர் வரி கட்டுவார். 7 சதவீத எஃப்டிக்காக 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் இரண்டு பேருக்கும் மிஞ்சுவது கணக்கெழுதும் வேலைதான்.

அவர் பிபிஎஃப் போதும் என்றார். கணவர் ஒன்றும் சொல்லாமல் 15ஜி நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.