மாதத் தவணையை நாமே கணக்குப் போடலாம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா தையல் வேலை செய்கிறார். பவர் மெஷின் ஒன்றைக் கடனில் வாங்கக் கடையில் விசாரித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். அசல் 30,000 ரூபாய், மாத வட்டி 1.5%, 6 மாதம், தவணை 5,450 ரூபாய்.

"தம்பி, இது சரியான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். போனில் தட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே 5,450 வந்தது. சரிதான் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது.

சூத்திரம் இதுதான். P அசல், r மாத வட்டி, n மாதங்கள்.

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

முதலில் வட்டியை 100-ஆல் வகுங்கள்: 1.5 என்பது 0.015 ஆகும். சீட்டில் ஆண்டு வட்டி 18% என்று இருந்தால், 12-ஆல் வகுத்த பிறகு இதைச் செய்யவேண்டும்.

அடுத்து 1.015-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள், மொத்தம் ஆறு 1.015 வரும்வரை. விடை 1.093443. நான் சறுக்கியது இங்கேதான். சோம்பலில் 1.09 என்று சுருக்கிவிட்டேன். ஆறு தசம இடங்களையாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எளிது. 30,000 × 0.015 = 450. அதை 1.093443-ஆல் பெருக்கினால் 492.05. அதை 0.093443-ஆல் வகுத்தால் தவணை சுமார் 5,266 ரூபாய். கூகுள் ஷீட்ஸில் ஒரே வரியில் சரிபார்க்கலாம்:

```
=PMT(0.015, 6, -30000)
```

தவணை சரியா என்று பார்க்க, அது எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். முதல் மாதம் 30,000-க்கு வட்டி 450. மீதி 4,816 அசலில் கழிந்து, நிலுவை 25,184. இரண்டாம் மாதம் வட்டி அந்த 25,184-க்கு மட்டும், அதாவது 378 ரூபாய். இப்படியே போனால் ஆறாம் மாதம் நிலுவை பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓரிரு ரூபாய் இடித்தால் அது பைசாவைச் சுருக்கியதால் வருவது. நூற்றுக்கணக்கில் இடித்தால் எங்கோ பிழை இருக்கிறது.

அப்படியானால் கடைக்காரரின் 5,450? அவர் போட்டது ஃபிளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல், ஆறு மாதமும் முழு 30,000-க்கே 450 வீதம் 2,700 ரூபாய் வட்டி போட்டு, மொத்தத்தை ஆறால் வகுத்திருக்கிறார். என் சுருக்கலும் அவர் கணக்கும் ஒத்துப்போனது தற்செயல் இல்லை. 1.09 என்பது ஒன்றோடு ஆறு 0.015-ஐக் கூட்டினால் வருவது. வட்டிக்கு வட்டியான அந்த 0.003443-ஐ நான் வெட்டியதும், சூத்திரம் ஃபிளாட் ரேட்டாகவே மாறிவிட்டது.

மறுநாள் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் 5,450 ரூபாய்த் தவணைக்கு மாத வட்டி 1.5% இல்லை, இரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. "அதான் சீட்டுல அந்த ஃபிளாட்டுன்னு ஒரு வார்த்தையே இல்ல" என்றார்.